கண்டிப்பா, வதையா? கொழுந்து நிறுக்கும் இடத்தில் தெரியும் வித்தியாசம்

தேயிலைக் கொழுந்தின் மத்தியான நிறுவை முடிந்து, எடை எழுதிய துண்டு கைக்கு வந்ததும் அந்த அக்கா அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தராசில் 8 கிலோ காட்டியது. துண்டில் 6 என்று எழுதியிருந்தது. அவருக்கு முன்னால் நின்றவருக்குத் தராசில் 7, துண்டில் 6. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எல்லோருக்கும் ஒரு கிலோ கழிப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். இவருக்கு மட்டும் அன்று இரண்டு. அவர் எதுவும் கேட்கவில்லை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் நான் பல வருடம் கிளாக்கராக இருந்தேன். இப்போது தொழிற்சங்கத்துக்கு வரும் ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "ஐயா என்னைக் குறி வைச்சுட்டாரு." மறுபக்கம் அந்த ஐயாவை, அதாவது மலையில் வேலை வாங்கும் வெளிக்கள உத்தியோகத்தரைக் கேட்டால், "வேலையைக் கண்டிப்பா வாங்குறேன், அது தப்பா?" என்பார். இருவரும் மனதறிந்து பொய் சொல்வதில்லை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கவும் முடியாது. எது உண்மை என்பதைக் குரலையோ முகத்தையோ வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது என் அனுபவம். நிறுவை, கொழுந்தெடுக்க ஒருவருக்குக் கொடுக்கும் செடி வரிசையான நிரை, நாள் சம்பளத்துக்குப் பதியும் பேர் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

முதலில் கண்டிப்புக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொழுந்து வேலையில் அது உண்மையான நியாயம். ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் திரும்ப அதே மலைக்கு வந்தாக வேண்டும். பிந்தினால் இளங்கொழுந்து முற்றிவிடும். இரண்டு இலையும் ஒரு அரும்பும் வர வேண்டிய இடத்தில் முற்றின இலையும் காம்பும் கூடைக்குள் வந்தால், பேக்டரியில் தூளின் தரம் இறங்கும், ஏலத்தில் விலை இறங்கும். அதனால்தான் வெளிக்கள உத்தியோகத்தர் மழையிலும் நிரைக்கு நிரை ஏறி இறங்கிக் கூடையைக் கிளறிப் பார்க்கிறார். முற்றின இலை கிடந்தால் படங்கில் கொட்டிப் பொறுக்கச் சொல்கிறார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்புகிறார். இதெல்லாம் வேதனையாக இருக்கலாம். ஆனால் வேலையிலிருந்து பிறந்த வேதனை அது.

மலையில் வேலையை மேற்பார்க்கும் பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் எனக்குத் தெரிந்து இருந்தார். அவர் குரல் அடுத்த டிவிஷனுக்குக் கேட்கும். கூடையில் முற்றின இலையைப் பார்த்துவிட்டால் விடமாட்டார், சொந்தத் தங்கச்சி நின்றாலும் கொட்டிப் பொறுக்க வைப்பார். ஆனால் யாரும் அவர்மேல் மனு எழுத என்னிடம் வந்ததில்லை. ஏன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் திட்டியது இலையை, ஆளை இல்லை. பொறுக்கி முடித்ததும் விஷயம் முடிந்துவிடும், மறுநாள் பெரட்டில் அது வராது. முக்கியமாக, எவ்வளவு கழிக்கிறார், ஏன் கழிக்கிறார் என்று கேட்டால் புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவார்.

அவுஸ்திரேலியாவின் வேலைத்தளச் சட்டத்தில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் ஒருவரை நோக்கி திரும்பத் திரும்ப நியாயமற்ற விதத்தில் நடந்து, அதனால் அவருடைய உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ ஆபத்து வந்தால் அது வதை. நியாயமான நிர்வாக நடவடிக்கை வதை ஆகாது. ஆனால் அந்த நடவடிக்கையை நியாயமான முறையில் செய்திருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சேர்த்துச் சொல்கிறது. ஆக, கேள்வி இரண்டு. செய்த காரியம் நியாயமா? செய்த விதம் நியாயமா? முற்றின இலையைப் பொறுக்கச் சொல்வது நியாயமான காரியம். அம்மா வயதுள்ள ஒருவரை இருபது பேர் பார்க்க "ஏய்" என்று கூப்பிட்டு, குடும்பத்தை இழுத்துத் திட்டிப் பொறுக்கச் சொன்னால், காரியம் சரி, விதம் பிழை. விதம் பிழையாகிவிட்டால் "வேலையைத்தானே சொன்னேன்" என்ற பதில் நிற்காது.

இங்கே நம் தோட்டங்களில் ஒரு சிக்கல் உண்டு. "அவர் எல்லாரையும்தான் திட்டுவாரு, உன்னை மட்டுமா" என்று சமாதானம் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு என்பது நல்ல சோதனைதான், அதைக் கீழே பயன்படுத்தப் போகிறேன். ஆனால் அது ஒரு பக்கத்துக்குத்தான் வேலை செய்யும். ஒருவருக்கு மட்டும் வேறு அளவு என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அது காட்டும். எல்லோருக்கும் ஒரே அளவு என்பதால் அங்கே வதை இல்லை என்று அது காட்டாது. ஒரு கூட்டத்தில் இருக்கும் இருபத்திரண்டு பெண்களையும் ஒரே மாதிரி அவமானப்படுத்துகிற ஆள் இருபத்திரண்டு பேரையும் வதைக்கிறார், அவ்வளவுதான். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு "வாடி போடி" காதுக்குப் பழகிப்போய்விட்டது. காதுக்குப் பழகியதால் அது கண்டிப்பு ஆகிவிடாது.

சரி, அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் கொழுந்தெடுத்த கூட்டத்தில் 22 பெண்கள். ஒரு நாளைக்கு 18 கிலோ எடுக்க வேண்டும், எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். 18 கிலோ எட்டாததற்காகக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் பாதியாக்குவது சரியா என்பது தொழிற்சங்கங்கள் நெடுநாளாகக் கேட்கும் கேள்வி. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம், இங்கே நடைமுறையில் அப்படி இருந்தது என்று எடுத்துக்கொள்வோம். நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாய். அரைப்பேர் விழுந்தால் 675. இந்த அக்கா நன்றாகக் கொழுந்து எடுப்பவர். சாதாரண நாளில் கழிவு போக 19, 20 கிலோ வரும்.

ஒரு வெயில் நாளில், நிறுவை நடக்கும் இடத்தில், அவர் எல்லோருக்கும் கேட்க ஒரு கேள்வி கேட்டார்: "மழையே இல்லையே ஐயா, இன்னைக்கும் எதுக்கு ஒரு கிலோ?" வெளிக்கள உத்தியோகத்தர் அப்போது சிரித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய துண்டில் இரண்டு கிலோ கழிந்தது. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. மற்றவர்களுக்கு மொத்தம் 3 கிலோ கழிய, இவருக்கு 6.

உத்தியோகத்தர் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. "அம்மா" என்றுதான் கூப்பிட்டார். அதனால் அந்த அக்காவின் வீட்டிலேயே நம்பவில்லை. "நல்லா பேசுற மனுசன், நீதான் எதையாவது நெனச்சிக்கிற" என்றார்களாம். வதைக்கு ஆளாகிறவர் முதலில் தன் கண்ணையே சந்தேகிக்கத் தொடங்குவது இப்படித்தான்.

அந்த மாதம் அவர் 22 நாள் வேலைக்குப் போனார். அதில் 9 அரைப்பேர். 6,075 ரூபாய் குறைந்தது, ஈ.பி.எஃப். பணமும் அந்த அளவுக்குக் குறைந்தது. மற்ற 21 பேருக்கும் சேர்த்து அந்த மாதம் விழுந்த அரைப்பேர் 14. ஆட்களின் வேலை நாளும் பேரும் பதியும் செக்ரோலில் இருந்து இதை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கே விளங்கியது.

ஆனால் அங்கேயே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஒருவருக்கு அதிக அரைப்பேர் விழ நேர்மையான காரணங்களும் இருக்கலாம். முழங்கால் வலியோடு வேலை செய்கிறவருக்குக் கிலோ குறையும். ஜனவரி தொடக்கம் மார்ச் வரை மேற்குச் சரிவில் வரட்சி பிடித்தால் எல்லோருக்கும் குறையும். அப்போதும் 18 கிலோவே வேண்டும் என்று நின்றால் அது மொத்தக் கூட்டத்துக்கும் நடக்கும் அநியாயம், ஒருவரைக் குறி வைத்தது ஆகாது. சில நேரம் இரண்டு சங்கங்களுக்கு இடையிலான போட்டியில், உண்மையிலேயே நேர்மையான உத்தியோகத்தர்மேல் ஆட்கள் கூடிப் புகார் எழுதுவதும் நடந்திருக்கிறது. அது அவருக்கு நடக்கும் வதை. ஆகவே மாதம் முடிவதற்கு முன்பே நான் அந்த அக்காவிடம் மூன்று விஷயம் கேட்டிருந்தேன்.

முதலாவது, இது எப்போது தொடங்கியது? ஒரு காரணத்தோடு தொடங்கியதா, ஒரு கேள்வியோடு தொடங்கியதா? அவர் வேலை திடீரென்று மோசமாகியிருந்தால் அதற்கு முன்னால் முற்றின இலை பற்றிய ஒரு வாய்மொழி எச்சரிக்கையாவது இருந்திருக்கும். இல்லை. தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகு.

இரண்டாவது, அதே மலையில், அதே மழையில், பக்கத்து நிரையில் நின்றவருக்கு என்ன ஆனது? நல்லவேளையாக இந்த அக்காவிடம் மகளின் பழைய கொப்பி ஒன்று இருந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து அவர் அதில் தேதி, மலை நம்பர், தராசில் கண்ட எடை, துண்டில் எழுதிய எடை நான்கையும் எழுதியிருந்தார். எழுத்து சரிந்து சரிந்து கிடந்தது, கொழுந்துக் கறை வேறு. பக்கத்து நிரைப் பெண்கள் இரண்டு பேர் தங்கள் துண்டுகளைக் கொடுத்தார்கள். ஒரே நாளில், ஒரே சாக்கு வகையில், அவர்களுக்கு ஒன்று, இவருக்கு இரண்டு.

மூன்றாவது கேள்விதான் என் பார்வையில் மிக முக்கியம். விளக்கம் கேட்டால் என்ன நடக்கிறது? சங்கத்தின் தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய், சண்டை பிடிக்காமல், "என் துண்டில் ஏன் இரண்டு கிலோ என்று சொல்லுங்கள் ஐயா" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். கண்டிப்பான ஆளுக்கு இந்தக் கேள்வி தொல்லையே இல்லை. அவரிடம் பதில் இருக்கும், பெரும்பாலும் அது புத்தகத்திலும் இருக்கும். இந்த உத்தியோகத்தர் முதலில் இலை ஈரம் என்றார். பக்கத்து நிரைக்கும் அதே மழைதானே என்று தலைவர் கேட்டதும், இலை முற்றல் என்றார். முற்றல் என்றால் திருப்பிக் கொட்டிப் பொறுக்க வைத்திருக்க வேண்டும், அல்லது குறித்திருக்க வேண்டும், இரண்டும் நடக்கவில்லை. கேள்வி கேட்ட மறுநாள் அந்த அக்காவுக்குக் கிடைத்தது ஆற்று ஓரத்து நிரை.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த நிரை விஷயம் விளங்காது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். காலையில் மலைக்குப் போனதும் யாருக்கு எந்த நிரை என்று சொல்லிவிடுவார்கள். நல்ல செடி அடர்ந்த நிரையும் உண்டு, இடையிடையே செடி செத்துப்போன நிரையும் உண்டு. கால் வழுக்கும் சரிவும் இருக்கிறது, அட்டை மொய்க்கும் ஓடைக்கரையும் இருக்கிறது. வழக்கமாக இவை சுற்றிச் சுற்றி வரும். இன்று எனக்கு மோசம் என்றால் நாளை உனக்கு. ஒருவருக்கே மூன்று நாள் தொடர்ந்து செத்த நிரையைக் கொடுத்தால் அவர் எவ்வளவு ஓடி ஓடிப் பறித்தாலும் 18 வராது. யாரும் அவரைத் தொடவில்லை, திட்டவில்லை. கிலோ தானாகக் குறையும், அரைப்பேர் தானாக விழும். பிறகு "உனக்கு வேலை ஓடவில்லை" என்று சொல்லலாம். எட்ட முடியாத வேலையைக் கொடுத்துவிட்டு எட்டவில்லை என்று குற்றம் சாட்டுவது, உலகத்தில் எல்லா அலுவலகங்களிலும் நடக்கும் வதையின் ஒரு வகை. நம் மலையில் அது நிரையின் உருவத்தில் வருகிறது.

வதை என்று சொல்ல எத்தனை தடவை நடக்க வேண்டும்? சுவீடனில் இதை முதலில் ஆழமாக ஆராய்ந்த ஹைன்ஸ் லேமன் வைத்த அளவு, வாரத்துக்கு ஒரு முறையாவது, குறைந்தது ஆறு மாதம். ஆராய்ச்சிக்கு அது சரியாக இருக்கலாம். நாட்கூலியில் வாழும் ஒருவர் ஆறு மாதம் அரைப்பேரோடு காத்திருக்க முடியாது. சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2019இல் நிறைவேற்றிய 190ஆம் இலக்கச் சமவாயம் வேறு விதமாகப் பார்க்கிறது. ஒரு தடவை நடந்தாலும் சரி, திரும்பத் திரும்ப நடந்தாலும் சரி, உடலுக்கோ மனதுக்கோ கேடு தருவதோடு பொருளாதாரக் கேடு தருவதையும் அது வன்முறை, தொந்தரவு என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. பொருளாதாரக் கேடு என்ற அந்தச் சொல் அரைப்பேருக்கு அப்படியே பொருந்துகிறது.

இலங்கையில் வேலைத்தள வதைக்கு என்று தனிச் சட்டம் இல்லை. பாலியல் தொந்தரவு என்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இருக்கிறது. 1995இல் திருத்தப்பட்ட பிறகு வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்வதும் அதற்குள் வருகிறது. அப்படி ஏதும் நடந்தால் தலைவர், சங்கம் என்று சுற்றிக்கொண்டிருக்காமல் நேரே பொலிஸுக்குப் போகலாம். சங்கத்தில் இருப்பதற்காகப் பழி வாங்கினால், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம் துணைக்கு வரும். மற்ற வதைக்குச் சம்பளம், வேலைநீக்கம் என்ற வாசல்கள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் "ஐயா என்னை மனசு நோகடிச்சாரு" என்று மனு எழுதினால் அது ஃபைலுக்குள் போய்ப் படுத்துவிடும். "இந்தத் தேதியில் இத்தனை கிலோ, இவ்வளவு ரூபாய்" என்று எழுதினால் தொழில் அலுவலகத்தில் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

மனம் வெறுத்து வேலையை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஒன்றும் எழுத்தில் கொடுக்காமல் நின்றுவிட்டால், செக்ரோலில் பேரை வெட்டிவிட்டு "தானாகப் போனார்" என்று முடித்துவிடுவார்கள். இருக்கவே முடியாதபடி செய்து என்னை வெளியே தள்ளினார்கள் என்று தொழில் நியாய சபையில் வாதாட வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் புகார் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும். வேலை போனதிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். அப்புறம், ஆபீசில் கூப்பிட்டு இங்கிலீஷிலோ சிங்களத்திலோ டைப் பண்ணின தாளை நீட்டினால், வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. தமிழில் தாருங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ராஜினாமாக் கடிதம் என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்து என்றதும் இன்னொன்று. கண்டிப்பான நிர்வாகம் பிழையைத் தாளில் எழுதும்: இன்ன தேதியில் இன்ன பிழை, விளக்கம் தர இத்தனை நாள், பிறகு விசாரணை. எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டதே என்று வீட்டில் எல்லோரும் பயந்துபோகிறார்கள். உண்மையில் பதில் சொல்ல இடம் விட்டுக் கொடுக்கும் கடிதம், ஒன்றும் எழுதாமல் நடக்கும் காரியத்தைவிட எவ்வளவோ மேல். அதற்குப் பதில் கொடுக்கலாம், நகல் வைத்துக்கொள்ளலாம். தாளே இல்லாமல் ஒருவர் பாதிக்கப்பட்டுக்கொண்டே போகிற இடத்தில்தான் நான் கவனமாகப் பார்ப்பேன்.

அந்த உத்தியோகத்தரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாதக் கூட்டத்தில் அவருக்கும் கிலோக் கணக்கு கேட்கிறார்கள். உற்பத்திச் செலவு கூடினால் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை அவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்பாராம், ராத்திரி பத்து மணிக்கும் போன் வருமாம். மேலே வாங்கியதைக் கீழே இறக்கி வைப்பது இங்கே சங்கிலி மாதிரி நடக்கிறது. இதைச் சொல்வது அவருடைய பிழையைக் குறைக்க இல்லை. 22 பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது பெரிய துரை இல்லை, அவர்தான். ஆனால் அவரை மட்டும் வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால், அடுத்து வருகிறவருக்கும் அதே போன் ராத்திரி பத்து மணிக்கு வரும்.

மனுவை இரண்டு பக்கத்தில் எழுதினோம். வதை, கொடுமை என்ற சொல் எதுவும் போடவில்லை. கொப்பியில் இருந்த கணக்கு, பக்கத்து நிரைப் பெண்களின் துண்டுகள், செக்ரோலில் இருந்த அரைப்பேர் எண்ணிக்கை, கேள்வி கேட்ட தேதி. சங்கத்தின் மூலம் துரைக்கு ஒரு பிரதி, தொழில் அலுவலகத்துக்கு ஒரு பிரதி. பேச்சுவார்த்தை இரண்டு தடவை நடந்தது. 9 அரைப்பேரில் 6 நாளுக்கு, துண்டில் இருந்தது 15 தொடக்கம் 17 கிலோ வரை. மற்றவர்களைப் போல 3 கிலோ மட்டும் கழித்திருந்தால் அந்த 6 நாளும் 18 அல்லது அதற்கு மேல் வந்திருக்கும். நிர்வாகம் அதை ஒத்துக்கொண்டு, 4,050 ரூபாயை அடுத்த சம்பளத்தில் சேர்த்தது. சாக்கின் எடையை எல்லோர் முன்னாலும் நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் கழிக்க வேண்டும் என்றும் முடிவானது.

மிச்சம் 3 நாளில் துண்டில் இருந்தது 12 தொடக்கம் 14 கிலோ வரைதான். 3 கிலோவைத் திருப்பிச் சேர்த்தாலும் 18 வராது. அவை ஆற்று ஓரத்து நிரை நாட்கள். யாருக்கு எந்த நிரை கொடுத்தார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. அந்த அக்காவும் மலை நம்பரை எழுதினாரே தவிர நிரையை எழுதவில்லை. அந்த 2,025 ரூபாய் திரும்ப வரவில்லை. இப்போது கொப்பியில் நிரைக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்.